வேலையை ஓராண்டு நிறுத்த நினைப்பவர்கள் பணத்தை எப்படி அடுக்கி வைப்பது?

பத்துப் பன்னிரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவர்கள் தங்கள் சேமிப்பை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஆச்சரியப்படுவார்கள். பிஎஃப், பிபிஎஃப், மியூச்சுவல் ஃபண்டு, வங்கி டெபாசிட் என்று எல்லாம் சேர்ந்து ஓராண்டுச் செலவுக்கு மூன்று நான்கு மடங்கு இருக்கும். "இவ்வளவு இருக்கே, ஒரு வருஷம் சும்மா இருக்க முடியாதா?" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. முடியும். ஆனால் வீட்டு வாடகையை மொத்தச் சொத்திலிருந்து கட்ட முடியாது. ஒன்றாம் தேதி கைக்கு வரும் பணத்திலிருந்துதான் கட்ட முடியும்.

அதனால் வட்டி எங்கே அதிகம் என்ற கேள்வியை இந்தக் கட்டுரை முழுக்க ஓரமாக வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு தொகையும் எந்த மாதம் தேவை, கேட்டால் எத்தனை நாளில் கைக்கு வரும், வரும்போது குறையாமல் வருமா என்ற மூன்றையும் வைத்துப் பணத்தைப் படிபடியாக அடுக்குவதுதான் வேலை. இந்தியாவில் சம்பளத்துக்கு இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஐடி வேலையில் இருக்கும் 36 வயதுப் பெண். அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறார், கடன் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலிலிருந்து மார்ச் வரை வேலையை விட்டு இருக்க நினைக்கிறார். தயாராவதற்கு 15 மாதம் இருக்கிறது, அதாவது இப்போது ஜனவரி. இவர் கற்பனை ஆள்தான், தொகைகளும் கணக்குக்கு எளிதாக நான் வைத்தவை. உங்கள் தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

முதலில், எவ்வளவு வேண்டும்?

எல்லோரும் மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்குகிறார்கள். அந்தத் தொகை நிச்சயம் போதாது.

இந்தப் பெண்ணுக்கு மாதச் செலவு 50,000 ரூபாய். வாடகை 16,000, மளிகையும் வீட்டுச் செலவும் 14,000, கரண்ட், கேஸ், போன், இணையம் 5,000, பெட்ரோலும் போக்குவரத்தும் 4,000, அம்மாவின் மருந்து 5,000, மற்றவை 6,000. வருஷத்துக்கு 6 லட்சம்.

இதில் வராதவை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் செலவுகள். இருவருக்கும் மருத்துவக் காப்பீடு 45,000, டேர்ம் இன்சூரன்ஸ் 15,000, வண்டி இன்சூரன்ஸ் 5,000, தீபாவளி, கல்யாணம், மொய், சீர் எல்லாம் சேர்த்து 40,000, ரிப்பேர் வகையறா 25,000. இந்த ஓய்வில் படிக்க நினைக்கும் ஒரு கோர்ஸுக்கு 70,000. கூட்டினால் 2 லட்சம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, போன பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு 5,000 ரூபாய்க்கு மேல் போன ஒவ்வொன்றையும் குறிப்பது. ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். மொய்ச் செலவை யாருமே சரியாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அடுத்தது, ஓய்வு முடிந்த பிறகான மாதங்கள். மார்ச் 31-ஆம் தேதி ஓய்வு முடிகிறது என்றால் ஏப்ரலில் சம்பளம் வந்துவிடாது. வேலை தேட, நேர்காணல்கள் முடிய, சேர நான்கு மாதம் என்று வைத்தாலும், சேர்ந்த மாதத்தின் கடைசியில்தான் முதல் சம்பளம். ஆக இன்னும் ஐந்து மாதச் செலவு, 2.5 லட்சம்.

இவற்றோடு, எதற்காகவும் தொடக்கூடாத அவசரத் தொகை ஒன்று வேண்டும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்து, காப்பீடு ஒரு பகுதியைத் தராமல் போனால் அதற்கு. 1.5 லட்சம்.

6 + 2 + 2.5 + 1.5 = 12 லட்சம். 6 லட்சம் என்று தொடங்கிய கணக்கு இரண்டு மடங்காகிவிட்டது. இந்தத் தொகை இல்லையென்றால் ஓய்வை ஆறு மாதமாகக் குறைப்பது நல்லது. ஐந்து மாதத் தேடல் காலத்தை மட்டும் குறைக்காதீர்கள். பணம் தீரும் பயத்தில், கிடைத்த முதல் வேலையை ஒப்புக்கொள்ள வைப்பது அந்தக் குறைப்புதான்.

இருக்கும் பணத்தைப் பிரித்துப் பாருங்கள்

அவரிடம் இருப்பது: சேமிப்புக் கணக்கில் 1.2 லட்சம், எஃப்டி 3 லட்சம், லிக்விட் ஃபண்டில் 1 லட்சம், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளில் 14 லட்சம், பிஎஃப் 9 லட்சம், பிபிஎஃப் 4 லட்சம், என்பிஎஸ் 1.5 லட்சம். மொத்தம் 33.7 லட்சம். பார்க்கத் தாராளமாக இருக்கிறது. இதில் கேட்டவுடன் குறையாமல் வருவது முதல் மூன்று மட்டும், 5.2 லட்சம்.

என்பிஎஸ்ஸை மறந்துவிடலாம், அது ஓய்வுக்காலத்துக்கான பணம், வேலை இடைவேளைக்காக அதில் கை வைக்க வேண்டாம். பிபிஎஃப்பில் ஏழாவது நிதியாண்டிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுக்கலாம். நான்கு ஆண்டுக்கு முந்தைய இருப்பு, போன ஆண்டு இருப்பு இரண்டில் எது குறைவோ அதில் பாதி வரை. கணக்கு பழையதாக இருந்தால் கடைசி ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம், திட்டத்தில் சேர்க்க வேண்டாம். ஓய்வு ஆண்டிலும் 500 ரூபாய் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு செயலற்றுப் போகும்.

பிஎஃப்தான் எல்லோருக்கும் ஆசை காட்டுவது. 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். மீதி 25 சதவீதத்துக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். முன்பு இரண்டே மாதத்தில் முழுவதும் எடுக்க முடிந்தது. பழைய கட்டுரைகளில் படித்ததை நம்பி "பிஎஃப் 9 லட்சம் இருக்கு" என்று திட்டம் போடாதீர்கள். விண்ணப்பம் போடும் நாளில் என்ன விதி நடப்பில் இருக்கிறது என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரிலோ பிறந்த தேதியிலோ சின்ன வித்தியாசம் இருந்தால்கூடக் கோரிக்கை திரும்பிவரும், அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும். ஐந்து வருஷத் தொடர் பணி இல்லாமல் எடுத்தால் வரியும் உண்டு. இத்தனையும் இருப்பதால் பிஎஃப்பை நான் படியாகவே எண்ணுவதில்லை. அது அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: வேலையை விட்ட பிறகு அதில் சேரும் வட்டிக்கு வரி உண்டு.

மிச்சம் இருப்பது பங்கு ஃபண்டுகள். இவை இரண்டு மூன்று வேலை நாளில் பணமாகிவிடும், எளிதில் எடுக்கலாம் என்பது உண்மை. சிக்கல் தொகையில் இருக்கிறது. நிஃப்டி 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்தது; மார்ச் 23-ஆம் தேதி 7,610-இல் முடிந்தது. நவம்பருக்குள் மீண்டுவிட்டது என்பார்கள். சரி, ஆனால் நடுவில் எட்டு ஒன்பது மாத வாடகை போயிருக்கும். 2008-இல் ஜனவரியில் 6,300-ஐ ஒட்டி இருந்தது அக்டோபரில் 2,500-க்கு வந்தது. பழைய இடத்தைத் தொட 2010 நவம்பர் ஆனது. சம்பளம் இருக்கும்போது இதெல்லாம் செய்தி, அவ்வளவுதான். சம்பளம் இல்லாதபோது மாதாமாதம் 50,000 ரூபாய்க்கு யூனிட்டுகளை விற்றுச் சாப்பிட்டால், விலை பாதியானபோது இரண்டு மடங்கு யூனிட்டுகள் போகும். பிறகு சந்தை ஏறினாலும் அந்த யூனிட்டுகள் உங்களிடம் இருக்காது. ஆகவே ஓய்வுக்குத் தேவையான பணம் வேலையை விடும் நாளுக்கு முன்பே பங்கிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பற்றாக்குறையை அடைப்பது

12 லட்சத்தில் 5.2 லட்சம் இருக்கிறது. இன்னும் 6.8 லட்சம் வேண்டும்.

மாதம் 20,000 ரூபாய் பங்கு ஃபண்டுக்குப் போய்க்கொண்டிருந்த எஸ்ஐபியை ஜனவரியிலேயே நிறுத்தி, அதே தொகையை லிக்விட் ஃபண்டுக்குத் திருப்புகிறார். 15 மாதத்தில் 3 லட்சம். மீதி 3.8 லட்சத்தைப் பங்கு ஃபண்டிலிருந்து எடுக்க வேண்டும்.

இங்கே வரி வருகிறது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டை விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். விற்கும் தொகைக்கு அல்ல, அதிலுள்ள லாபத்துக்குத்தான் வரி. ஃபண்டில் எப்போதும் முதலில் வாங்கிய யூனிட்டுதான் முதலில் விற்கப்படும் என்பதால் பழைய யூனிட்டுகளின் லாபம் சராசரியைவிட அதிகமாக இருக்கும். விற்கும் தொகையில் பாதி லாபம் என்று வைத்துக்கொள்வோம். 3.8 லட்சத்தையும் ஒரே ஆண்டில் விற்றால் லாபம் 1.9 லட்சம், கொஞ்சம் வரி கட்ட வேண்டும். மார்ச் 31-க்கு முன் 1.9 லட்சம், ஏப்ரல் பிறந்ததும் இன்னொரு 1.9 லட்சம் என்று பிரித்து விற்றால் ஒவ்வொரு ஆண்டிலும் லாபம் 95,000-தான். வரியே இல்லை. 15 மாதம் முன்பே தொடங்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

விற்ற பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எட்டு வருஷம் முன்பு தொடங்கிய ஃபோலியோவில் பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கு இருக்கலாம், அதை எப்போதோ மூடியிருப்பீர்கள். ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். கடைசி நாள் மாலை அந்த முகவரி செத்துவிடும், ஓடிபி அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். ஃபண்டு, வங்கி, பிஎஃப், காப்பீடு எல்லாவற்றிலும் சொந்த மின்னஞ்சலும் சொந்த எண்ணும் இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே சரிபார்க்க வேண்டும்.

படிகளை அடுக்குவது

12 லட்சமும் சேர்ந்துவிட்டது. இனி அதை நான்கு இடத்தில் வைக்கிறார்.

முதல் படி சேமிப்புக் கணக்கு, 1.5 லட்சம். ஏப்ரல், மே, ஜூன் செலவு. இதற்கு இரண்டு வங்கிகள் வேண்டும். ஒன்றில் பணம் இருக்கும்; இன்னொன்றிலிருந்து செலவு நடக்கும். ஒன்றாம் தேதி தானாக 50,000 ரூபாய் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்படி கட்டளை கொடுத்துவிட்டால் அதுதான் சம்பளம். ஜிபே, போன்பே எல்லாம் இரண்டாவது கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். மாதம் 22-ஆம் தேதியே கணக்கு காலியானால் அன்றைக்கே தெரிந்துவிடும். எல்லாப் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் செப்டம்பர் வரைக்கும் தெரியாது.

இரண்டாவது வங்கி வேறு ஒரு காரணத்துக்கும் வேண்டும். 2020 மார்ச் 5-ஆம் தேதி யெஸ் வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க, ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டதால் மத்திய அரசு தடை போட்டது. மார்ச் 18-இல் தடை நீங்கியது. யாருக்கும் டெபாசிட் போகவில்லை, ஆனால் அந்த இரண்டு வாரம் வேறு கணக்கு இல்லாதவர்கள் தவித்துப்போனார்கள். டெபாசிட் காப்பீடும் ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான்.

இப்போதைய சம்பளக் கணக்கையே தொடரலாமா என்றால், கவனமாக இருங்கள். சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணக் கணக்காக மாறும், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கத் தொடங்கலாம். இருப்பு நிபந்தனை இல்லாத கணக்கு ஒன்றை முன்பே திறந்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி லிக்விட் ஃபண்டு, 4 லட்சம். இதில் 2 லட்சம் ஜூலை முதல் அக்டோபர் வரையான நான்கு மாதத்துக்கு. 2 லட்சம் மேலே சொன்ன வருடாந்தரச் செலவுகளுக்கு. காப்பீட்டுப் பிரீமியம் எந்த மாதம் வரும், தீபாவளி எந்த மாதம் என்று தெரியும், ஆனால் ரிப்பேரும் கல்யாணமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் இந்தத் தொகையைத் தேதி போட்டுப் பூட்ட முடியாது. லிக்விட் ஃபண்டே சரி. 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் மட்டும் இது முதலீடு செய்யும், எடுக்கச் சொன்னால் அடுத்த வேலை நாளில் வங்கிக்கு வரும். பல ஃபண்டுகளில் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் வரை சில நிமிடத்தில் எடுக்கும் வசதியும் உண்டு. வாங்கிய ஏழு நாளுக்குள் எடுத்தால் மட்டும் மிகச் சிறிய கட்டணம். "வேலை நாள்" என்பதைக் கவனியுங்கள். பொங்கல் வாரத்தில் வெள்ளிக்கிழமை எடுக்கச் சொல்லிவிட்டு சனிக்கிழமை காத்திருக்கக் கூடாது.

ஃபண்டுக் கம்பெனியின் தளத்தில் பெயரைப் படித்து, "லிக்விட்" என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதவீதம் கூடக் கிடைக்கும் என்று "கிரெடிட் ரிஸ்க்" வகைக்குப் போகாதீர்கள். 2020 ஏப்ரல் 23-ஆம் தேதி ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. போட்டவர்களுக்குப் பணம் பின்னால் தவணை தவணையாகத் திரும்பியது, ஆனால் அன்று அதை நம்பி இருந்தவர்களால் எடுக்க முடியவில்லை. வாடகைப் பணத்தை அந்த ஃபண்டுகளில் வைத்திருந்தவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி எஃப்டி, 5 லட்சம். ஒரே எஃப்டியாக அல்ல, லட்சம் லட்சமாக ஐந்து. ஒவ்வொன்றும் இரண்டு மாதச் செலவு. முதலாவது அக்டோபர் கடைசியில் முதிர்ந்து நவம்பர், டிசம்பரைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது டிசம்பர் கடைசியில், மூன்றாவது பிப்ரவரி கடைசியில், நான்காவது ஏப்ரல் கடைசியில், ஐந்தாவது ஜூன் கடைசியில். இத்தோடு ஆகஸ்ட் வரை, அதாவது பதினேழு மாதம் ஓடிவிடும். தேதியை 25-ஆம் தேதி போல வைத்துக்கொண்டால் விடுமுறை வந்தாலும் ஒன்றாம் தேதிக்குள் பணம் வந்துவிடும்.

ஐந்தாகப் பிரிப்பது ஏன்? அவசரத்தில் ஒன்றை உடைத்தால் அரை அல்லது ஒரு சதவீத வட்டியை அபராதமாகப் பிடிப்பார்கள். ஐந்து இருந்தால் அந்த இழப்பு ஒரு லட்சத்துக்கு மட்டும், மற்ற நான்கும் அப்படியே ஓடும்.

எஃப்டி போடும்போது வங்கிச் செயலியில் ஒரு பெட்டி வரும்: முதிர்ந்ததும் என்ன செய்ய? பல வங்கிகளில் "தானாகப் புதுப்பிக்கவும்" என்பதில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். அதை மாற்றி "கணக்கில் வரவு வை" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அக்டோபர் 25 வந்து போகும், பணம் கணக்குக்கு வராது, இன்னொரு ஏழு மாதத்துக்குப் பூட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று: "வரி சேமிப்பு எஃப்டி" என்ற பெயர் இருந்தால் பக்கமே போகாதீர்கள், அதை ஐந்து வருஷத்துக்கு உடைக்கவே முடியாது.

நான்காவது, அவசரத் தொகை 1.5 லட்சம், எஃப்டி இருக்கும் வங்கியில் இல்லாமல் வேறு வங்கியில். இது படிக்கட்டில் இல்லை. அக்டோபரில் செலவு கூடிவிட்டது என்பதற்காக இதைத் தொடக்கூடாது.

இத்தனையிலும் வரும் வட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய் வரும், விலைவாசி ஏற்றத்துக்கு அது சரியாகப் போகும்.

வேலையை விடும் முன் முடிக்க வேண்டியவை

காப்பீடு முதலில். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறது, அம்மாவுக்கும் சேர்த்து. புதிய தனிக் காப்பீடு வாங்கினால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதனால் ஓய்வைப் பற்றி யோசிக்க ஆரம்பித்த நாளிலேயே காப்பீட்டை வாங்கிவிடுங்கள். குழுக் காப்பீட்டை அதே நிறுவனத்தின் தனிக் காப்பீடாக மாற்றும் வழியும் உண்டு. அப்படி மாற்றினால் இதுவரை இருந்த காலம் காத்திருப்பில் கழியும். எச்ஆரிடம் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் நடைமுறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டோ, வீட்டு மாற்றத்துக்கான வாடகை ஒப்பந்தமோ, சம்பளச் சீட்டு கேட்கும் எந்த வேலையானாலும் இப்போதே முடியுங்கள். எல்லா எஸ்ஐபிகளையும் நிறுத்திவிட்டு, வங்கியில் போட்ட தானியங்கிப் பிடித்தங்களின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். மறந்துபோன ஒரு 3,000 ரூபாய் எஸ்ஐபி இருப்பு இல்லாமல் திரும்பினால் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் போடும்.

கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், கடைசிக் கணக்கு எல்லாம் வரும். வரட்டும், ஆனால் எந்தப் படியும் அதை நம்பி இருக்கக்கூடாது. தாமதமானால் திட்டமே ஆடிப்போகும்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை ஏன்?

வேலையை விடும் தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மார்ச் கடைசியில் விடுங்கள். முழு நிதியாண்டும் சம்பளம் இல்லாமல் இருப்பது வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைக்கும் வாய்ப்பு, வரி விஷயத்தில் அதற்கு ஒரு பயன் உண்டு.

புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு. சம்பளம் இல்லாததால், பிஎஃப் வட்டியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அதில் வட்டி 40,000 மட்டும் நிரம்பும், மீதி 3.6 லட்சம் சும்மா கிடக்கும். இந்தியாவில் வசிப்பவர்கள் அந்த மிச்ச இடத்தைப் பங்கு ஃபண்டு லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதோடு வழக்கமான 1.25 லட்சம். ஆக அந்த ஓராண்டில் 4.85 லட்சத்திலிருந்து பிஎஃப் வட்டியைக் கழித்தால் வரும் தொகை வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை.

அவரிடம் மீதி இருக்கும் 10.2 லட்ச ரூபாய் ஃபண்டுகளில் லாபம் 3.7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு அதே பணத்துக்கு மறுபடி வாங்கினால், வரி ஒரு பைசா இல்லாமல் வாங்கிய விலை இன்றைய விலையாக உயர்ந்துவிடும். பத்து வருஷம் கழித்து விற்கும்போது அந்த 3.7 லட்சத்துக்கு வரி கிடையாது. பணம் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் சந்தை ஏறிவிடலாம் என்பதால் நான்கைந்து பகுதியாகச் செய்வது நல்லது. புதிதாக வாங்கிய யூனிட்டுகளுக்கு ஓராண்டுக் கணக்கு மறுபடி தொடங்கும். அதற்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீத வரியும், பல ஃபண்டுகளில் ஒரு சதவீத வெளியேறும் கட்டணமும் உண்டு. அதனால் பங்கு ஃபண்டைத் தொட வேண்டியிருக்காது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு, வேலை உறுதியானால் பிப்ரவரி, மார்ச்சில் இதைச் செய்யலாம். மார்ச் 31 தாண்டிவிட்டால் வாய்ப்பு போனது.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. "12 லட்சம் வரை வரி இல்லை என்றுதானே சொன்னார்கள்?" அது தள்ளுபடி, பங்கு ஃபண்டு லாபத்துக்குப் பொருந்தாது. 10 லட்சம் லாபத்தை எடுத்துவிட்டு வரி இல்லை என்று உட்கார்ந்திருந்தால் நோட்டீஸ் வரும். வருமானம் இல்லாத ஆண்டு என்று வரிக் கணக்கு தாக்கல் செய்யாமலும் விட்டுவிடாதீர்கள்.

நடுவில் சரிபார்ப்பது

தினமும் கணக்குப் பார்த்தால் ஓய்வு ஓய்வாக இருக்காது. மூன்று தேதிகள் போதும்.

ஜூலை 1. சேமிப்புப் படி முடிந்து லிக்விட் ஃபண்டிலிருந்து முதல் மாதப் பணத்தை எடுக்கும் நாள். அதற்கு முன்பே மாதச் செலவுக்காக லிக்விட் ஃபண்டைத் தொட்டிருந்தால் 50,000 என்று போட்ட மதிப்பீடு தவறு. இப்போது தெரிந்தால் வலிக்காது: ஓய்வை ஒரு மாதம் சுருக்கலாம், அல்லது கோர்ஸை விட்டுவிடலாம்.

டிசம்பர் கடைசி. இரண்டாவது எஃப்டி முதிரும்போது வேலை தேடத் தொடங்க வேண்டும். மார்ச்சில் அல்ல. பழைய சகாக்களிடம் பேச்சுக் கொடுப்பது, ரெஸ்யூமே திருத்துவது எல்லாம் இங்கே.

ஏப்ரல் கடைசி. நான்காவது எஃப்டி முதிர்ந்தும் கையில் ஒரு வேலை உறுதியும் இல்லை என்றால், அன்றே பகுதிநேர வேலையோ ஒப்பந்த வேலையோ எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்வது என்று இப்போதே எழுதி வையுங்கள். மாதம் 25,000 ரூபாய் வந்தாலும் மீதிப் படிகள் இரண்டு மடங்கு காலம் தாங்கும். பங்கு ஃபண்டை விற்பது, ஐந்தாவது எஃப்டியும் தீர்ந்த பிறகுதான். அப்போதும் மாதம் மாதமாக, மொத்தமாக அல்ல. ஃபண்டை அடகு வைத்துக் கடன் வாங்கச் சொல்லி வங்கியிலிருந்து போன் வரும். வருமானம் இல்லாதபோது மாதாமாதம் வட்டி கட்டும் பொறுப்பை ஏற்காதீர்கள்.

வேலை கிடைத்துச் சேர்ந்ததும் புதிய கம்பெனியிடம் பழைய யுஏஎன் எண்ணைக் கொடுத்து பிஎஃப்பை மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் எஃப்டியை உடைத்து உடனே பங்கு ஃபண்டில் போட வேண்டாம். புரொபேஷன் முடிந்து வேலை உறுதி என்று கடிதம் வரும் வரை அது அங்கேயே இருக்கட்டும். அதன்பின் 20,000 ரூபாய் எஸ்ஐபியை மறுபடி தொடங்கலாம்.